வாரண்டி காகிதத்தை வாசிப்பது எப்படி? – பராமரிப்புக் குழுவுக்கு ஒரு பாடம்



2024 ஜூலை முதல் வாரத்தில் நம் மருந்தகத்தின் இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விட்டது. கரண்ட் போன ஐந்தாவது நிமிடமே விளக்கும் அணைந்துவிடும். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தால் மேலே பெரிய எழுத்தில் ‘60 மாத வாரண்டி’ என்று இருந்தது. வாங்கியது 2021 மார்ச் 12. நடப்பது நாற்பதாவது மாதம். ‘அல்ஹம்துலில்லாஹ், புதுப் பேட்டரி சும்மா கிடைக்கும்’ என்று நம்பி ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். கடைக்காரர் அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் காட்டினார். 36 மாதம் வரைதான் இலவச மாற்று. மீதி 24 மாதத்துக்குப் புதுப் பேட்டரியின் விலையில் ஒரு பங்கைக் கழித்துத் தருவார்கள், அவ்வளவுதான். அட்டையில் பொய் எதுவும் இல்லை. மூன்று வருஷமாக அதைத் திருப்பிப் பார்க்காதவர்கள் நாம்தான்.

நம் டிரஸ்டில் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மையத்துக்கான குளிர்பெட்டி, மதரஸாவின் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், ஏ.சி., ஜெனரேட்டர், ஆக்சிஜன் இயந்திரம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அந்தக் கட்டிலிருந்து பராமரிப்புக் குழு எடுத்து எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்றுதான்: வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது, எதற்குச் செல்லும், பழுது வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே காகிதத்தில் இருப்பதில்லை.

விலைப்புள்ளி, நாம் கொடுத்த ஆர்டர், பில், வாரண்டி அட்டை, பயன்பாட்டுக் கையேடு ஆகிய ஐந்தையும் மேசையில் வரிசையாகப் பரப்பிக்கொள்ளுங்கள். காலம் பெரும்பாலும் அட்டையில் இருக்கும். எது செல்லாது என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ‘இரண்டு வருஷம் நாங்க பார்த்துக்கறோம்’ என்று விற்பனையாளர் சொன்னது விலைப்புள்ளியில் மட்டும் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. அட்டை ஒரு வருஷம் என்றும் விலைப்புள்ளி இரண்டு வருஷம் என்றும் சொன்னால், அந்த இரண்டாம் வருஷம் கம்பெனியின் பொறுப்பில் வராது, கடைக்காரரின் பொறுப்பு. விலைப்புள்ளியின் எண்ணையும் தேதியையும் ஆர்டரில் குறிப்பிட்டு, ‘அதில் கண்ட வாரண்டி நிபந்தனைப்படி’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவரைக் கேட்க முடியும். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் கேட்க முடியாது.

முதலில் தேதி. நாம் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

வாரண்டி என்றால் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது என்றுதான் நினைக்கிறோம். வீட்டுச் சாமான்களுக்கு அது பெரும்பாலும் சரி. மோட்டார், ஜெனரேட்டர் போன்றவற்றின் காகிதத்தில் வேறு மாதிரி ஒரு வாக்கியம் வரும்: பொருத்திய நாளிலிருந்து 12 மாதம், அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இரண்டில் எது முந்தி முடிகிறதோ அது. ஆங்கிலத்தில் ‘விச்செவர் இஸ் இயர்லியர்’ என்று முடியும் அந்த மூன்று சொற்களைத் தேடிப் பிடியுங்கள். வாக்கியத்தின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

நமக்கு நடந்ததையே கணக்காகப் போடுகிறேன். ஒரு சபுராளி நன்கொடையாகக் கொடுத்த நீர்மூழ்கி மோட்டார் 2023 ஜனவரி 10 அன்று அனுப்பப்பட்டது. கட்டட வேலை இழுத்துக்கொண்டே போனது. மோட்டார் அட்டைப்பெட்டியோடு ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஆழ்குழாய்க்குள் இறக்கியது 2023 நவம்பர் 20. பொருத்திய நாளிலிருந்து 12 மாதம் எண்ணினால் 2024 நவம்பர் 19 வரை போகிறது. அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் எண்ணினால் 2024 ஜூலை 9 அன்றே முடிந்துவிடுகிறது. எது முந்தி? ஜூலை 9. மோட்டார் நின்றது ஆகஸ்ட் மாதம். ஒன்பது மாதம்கூட ஓடாத மோட்டாருக்கு வாரண்டி இல்லை என்ற பதிலைக் கேட்டு எல்லோரும் கொதித்தார்கள். காகிதத்தின்படி அந்தப் பதில் சரிதான்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 18இல் 12 போனால் மீதி ஆறு. அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பொருத்திவிட்டால் முழு 12 மாதமும் நமக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஸ்டோரில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வாரண்டியில் ஒரு மாதத்தைத் தின்னும். நமது மோட்டார் பத்து மாதத்துக்கு மேல் கிடந்தது. அந்தக் கெடுவைப் பொருள் வந்து இறங்கிய அன்றே சுவரில் எழுதியிருந்தால், குழாய் வேலையை மட்டுமாவது முன்னால் முடித்திருக்கலாம். ‘திறப்பு விழாவை ரமலானுக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் நிர்வாகிகள் கவனிக்கவும்.

எங்கே காலம் மணிக்கணக்கில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். ஜெனரேட்டருக்கும் ஆக்சிஜன் இயந்திரத்துக்கும் வருஷத்தோடு சேர்த்து ‘இத்தனை மணி நேரம் ஓடும் வரை’ என்றும் ஒரு வரம்பு இருக்கலாம். இராப்பகலாக ஓடும் இயந்திரம் ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரத்தை எட்டிவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு முடிவுத் தேதியை எழுதினால் போதாது. மீட்டரில் எந்த எண் வந்தால் வாரண்டி தீரும் என்பதையும் எழுதி, அதை இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இனி, எதற்குச் செல்லும் என்பது.

முன்பக்கத்தின் பெரிய எண் எப்போதும் முழுப் பொருளுக்கானது இல்லை. ஏ.சி.யில் ‘10 வருஷம்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கு ஒரு வருஷமாக இருக்கும். கம்ப்ரஸரை இலவசமாக மாற்றித் தருபவர்களும் கேஸ் நிரப்பும் செலவு, ஆள் கூலி, வந்துபோகும் கட்டணம் ஆகியவற்றை நம்மிடம் கேட்பார்கள். குளிர்பெட்டிக்கும் இதே கதைதான். ஆகவே குறிப்பேட்டில் ‘ஏ.சி. – 10 வருஷம்’ என்று எழுதாமல், பாகம் பாகமாக எழுதுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே ‘கூலி யார்? வண்டிச் செலவு யார்?’ என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். நம் இடத்துக்கே வந்து பார்ப்பார்களா, நாம் சர்வீஸ் சென்டருக்குச் சுமந்துபோக வேண்டுமா என்பதும் அட்டையில் ஒரு சொல்லாகத்தான் இருக்கும். குடிநீர் இயந்திரத்தின் பஞ்சு ஃபில்டர், கார்பன், மெம்பரேன் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். நாம் அடிக்கடி செலவழிப்பதும் அவற்றுக்குத்தான்.

விலக்குகளில் நாகூர்க்காரர்கள் தேட வேண்டியது உப்பு. கடலோரக் காற்றால் வரும் துருவுக்கும், உப்புத் தண்ணீரால் வரும் படிவுக்கும் வாரண்டி செல்லாது என்று சில கையேடுகளில் ஒரு வரி இருக்கும். திருச்சியிலோ மதுரையிலோ வாங்குபவர் அதைத் தாண்டிப் போய்விடலாம், நாம் தாண்டக் கூடாது. அந்த வரி இருந்தால் வாங்கும் முன்பே, துருத்தடுப்புப் பூச்சு கொண்ட வெளி யூனிட் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். புயல், வெள்ளம், மின்னல் ஆகியவையும் விலக்குப் பட்டியலில் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் பட்டதை மறக்க முடியுமா? அதற்கு வாரண்டி பதில் சொல்லாது, இன்சூரன்ஸ்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஃபைலில் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மறுபடி பேட்டரிக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் இன்னொரு பாடம் மிச்சம் இருக்கிறது. நாற்பதாவது மாதத்துக்கு நம் அட்டையில் இருந்த கழிவு 25 சதவீதம். எதன்மீது 25 சதவீதம்? அச்சிட்ட அதிகபட்ச விலையின்மீது. அந்த விலை 20,000 ரூபாய், கழிவு போக நாம் கட்ட வேண்டியது 15,000. பழைய பேட்டரியையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதே பேட்டரியைக் கடைவீதியில் யாரும் அச்சு விலைக்கு விற்பதில்லை, 16,000க்குக் கிடைத்தது. பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்காக 3,500 கழித்துக்கொண்டார்கள். ஆகக் கையிலிருந்து போவது 12,500. வாரண்டியைப் பயன்படுத்தினால் 2,500 ரூபாய் அதிகச் செலவு! பங்குக் கழிவு வாரண்டியில் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் புதுப் பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குமா, பழையதில் மிச்சமுள்ள மாதங்கள் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். இலவச மாற்றாகக் கிடைப்பவற்றுக்குப் பெரும்பாலும் மிச்ச மாதங்கள் மட்டும்தான்.

பேட்டரியை ஏற்பதா மறுப்பதா என்று அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் வீண் வாக்குவாதம் குறையும். முதலில் முழுக்க சார்ஜ் ஏற்றுவார்கள், அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பிறகு ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லிலும் ஆசிடின் அடர்த்தியை அளப்பார்கள். முழு சார்ஜில் டியூபுலர் பேட்டரி சுமார் 1.240 காட்டும். ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தால், பெரும்பாலும் அது தயாரிப்புக் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆறும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் சார்ஜ் போதாமல் கிடந்த பேட்டரி என்பார்கள். தட்டுகள் தண்ணீர் வற்றி வெளியே தெரிந்திருந்தாலோ, காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தாலோ கேஸ் முடிந்தது. நம்மூர் நிலத்தடி நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹைட்ரோமீட்டர் விலை அதிகமில்லை. குழுவிடம் ஒன்று இருந்தால், மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றும்போதே ஆறு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். 36ஆம் மாதம் முடியும் முன்பே ஒரு செல் இறங்கத் தொடங்கியிருந்தால் அது நோட்டில் தெரிந்திருக்கும். நாம் மார்ச் 11க்குள் போயிருந்தால் இலவச மாற்று. நான்கு மாதம் தாமதமாக, முழுக்கச் சாகும் வரை காத்திருந்து போனோம்.

மூன்றாவது, பழுது வந்த அன்று செய்ய வேண்டியது.

முதல் வேலை, எதையும் பிரிக்காமல் இருப்பது. மோட்டார் நின்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏற்றி, மூடியைத் திறந்து, காயிலைப் பார்ப்பது நம் பழக்கம். தொழுகைக்குத் தண்ணீர் வேண்டும் என்ற அவசரம் நியாயமானது. ஆனால் சீல் உடைந்த மோட்டாரைக் கம்பெனி ஆள் தொடக்கூட மாட்டார். மேலே ஏற்றலாம், திறக்கக் கூடாது. திறந்து பார்க்கும் உரிமையை அவருக்கே விடுங்கள், கூடவே நம் ஆள் ஒருவர் நிற்கட்டும். மூன்று பேஸ் மோட்டாரில் காயிலின் ஒரு பகுதி மட்டும் கருகி மற்றது பளபளப்பாக இருந்தால், ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது என்பார்கள். புஷ்ஷும் பேரிங்கும் தேய்ந்து உருகியிருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓடியது என்பார்கள். இரண்டுமே விலக்கில் வரும். பேனல் போர்டில் அதற்கான தடுப்பு ரிலே இருந்ததையும் அது வேலை செய்ததையும் காட்ட முடிந்தால்தான் நமக்குப் பேச இடம் இருக்கும்.

இரண்டாவது, புகார் எண். கடைக்காரரின் செல்போனுக்குச் சொன்னது புகார் ஆகாது. வாரண்டி முடியும் தேதிக்கு முன் நாம் சொல்லிவிட்டோம் என்பதற்கு அத்தாட்சி, கம்பெனியின் சேவை எண்ணில் பதிந்து வாங்கிய புகார் எண்ணும் அதன் தேதியும்தான். அன்றைக்கே அதையும் பழுதின் விவரத்தையும் எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர்கள் ஆள் அனுப்ப மூன்று வாரம் ஆகி, அதற்குள் தேதி தாண்டிப்போனாலும் அந்த மின்னஞ்சல் நமக்காகப் பேசும்.

மூன்றாவது, பழுது பார்க்க வந்தவர் நீட்டும் தாள். ‘வேலை திருப்தி’ என்ற கட்டத்துக்கு நேரே நம் மோதினார் கையெழுத்துப் போட்டுவிடுவார், பாவம். அதில் ‘வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதையும் நாம் ஒப்புக்கொண்டதாக ஆகும். தாளை வாசித்து, உடன்பாடு இல்லாத வரிக்குக் கீழே ‘இதை ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். குழுவில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதை முன்பே தீர்மானித்து வைத்தால் நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பொருள் வந்த அன்றே முடிக்க வேண்டிய சில சில்லறை வேலைகள் உண்டு. பெயர்த்தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் போட்டோ எடுங்கள். நீர்மூழ்கி மோட்டாரை நூறடி ஆழத்தில் இறக்கிய பிறகு அந்த எண்ணை யார் போய்ப் படிப்பது? பில்லில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் அப்போதே பாருங்கள். கடைகளில் தரும் வழவழப்பான தெர்மல் காகித பில் நம்மூர் வெயிலில் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும், அன்றே நகல் எடுத்தாக வேண்டும். அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பில் யார் பெயரில் என்பது நம்மைப் போன்ற டிரஸ்டுகளுக்கே உரிய சிக்கல். நன்கொடையாளர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அட்டையிலோ ‘முதலில் வாங்கியவருக்கு மட்டும், மாற்றத்தக்கதல்ல’ என்று இருக்கும். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரி இருந்தால் மதரஸாவில் பொருத்தியதே விலக்காகிவிடும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாங்கி அனுப்பினால், அந்த நாட்டு வாரண்டி இங்கே செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் செல்லாது. கொடுப்பவரின் மனம் நோகாமல், ‘பணத்தை டிரஸ்டுக்குத் தாருங்கள், பில்லை டிரஸ்ட் பெயரில் போட்டுக்கொள்கிறோம்’ என்று சொல்வதே சரி என்பது என் கருத்து.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், அவர்கள் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் டிரஸ்டுக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. பிரதிபா பிரதிஷ்டான் என்ற டிரஸ்டுக்கும் கனரா வங்கிக்கும் நடந்த வழக்கில், 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி டிரஸ்ட் என்பது ‘நபர்’ என்ற வரையறைக்குள் வராது, ஆகவே அது நுகர்வோராகப் புகார் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நபர்’ என்பதன் வரையறை விரிந்திருக்கிறது. அதில் நமக்கு இடம் உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. தனி நபர் வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்காகப் பில்லைத் தனி நபர் பெயரில் போடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பெரும்பாலான வாரண்டி விவகாரம் கம்பெனியின் சேவை மேசையிலேயே தீர்கிறது, அங்கே பார்ப்பது பில்லில் உள்ள பெயரைத்தான். நீதிமன்றக் கதவு நமக்கு எளிதில் திறக்காது என்பதால், அந்த மேசையில் வைக்கும் காகிதம் குறையில்லாமல் இருந்தாக வேண்டும்.

மேலே சொன்ன மோட்டாருக்குக் குறிப்பேட்டில் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று காட்டுகிறேன்:

பொருள்: நீர்மூழ்கி மோட்டார், ஹவுள் ஆழ்குழாய். வரிசை எண்: (தகட்டின் போட்டோ ஒட்டியுள்ளது).
அனுப்பிய நாள்: 10-1-2023. பொருத்திய நாள்: 20-11-2023.
வாரண்டி: பொருத்தி 12 மாதம் / அனுப்பி 18 மாதம், எது முந்தியோ. முடிவு: 9-7-2024. (கையேடு, கடைசிப் பக்கம்)
செல்லும்: தயாரிப்புக் குறை, பாகங்கள். செல்லாது: பேஸ் விடுபடுதல், தண்ணீரின்றி ஓடுதல், மணல், சீல் திறத்தல்.
நம் செலவு: மேலே ஏற்றி இறக்கும் கூலி, சர்வீஸ் சென்டர் வரை வண்டி.
பழுதானால்: திறக்காதே. சேவை எண்ணில் பதிந்து புகார் எண் வாங்கு, அன்றே மின்னஞ்சல். பில் நகல், அட்டை, தகட்டின் போட்டோ.
சோதனை நாள்: 9-6-2024.

ஒவ்வொரு விவரமும் எந்தக் காகிதத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதும் பழக்கம் முக்கியம். சேவை மேசையில் ‘அப்படி எங்கே போட்டிருக்கிறது?’ என்று கேட்பார்கள், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. காகிதத்தில் பதில் கிடைக்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் ‘காகிதத்தில் இல்லை’ என்று எழுதிவிட்டு, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி ஃபைலில் சேருங்கள்.

கடைசி வரியில் உள்ள சோதனை நாள் முடிவுக்கு ஒரு மாதம் முன்னால் வரும் நாள். அன்று மோட்டாரின் சத்தம், இழுக்கும் ஆம்பியர், தொட்டி நிறைய எடுக்கும் நேரம் மூன்றையும் பார்த்து, பொருத்திய அன்று எழுதியதோடு ஒப்பிட வேண்டும். பத்து நிமிட வித்தியாசம் தெரிந்தாலும் அன்றைக்கே புகார் எண் வாங்கிவிடலாம். மருந்தகத்துக்கு வாங்கிய புதுப் பேட்டரிக்கு அந்த நாளைக் காலண்டரிலும், பேட்டரியின் மூடியிலும், குழுப் பொறுப்பாளரின் போனிலுமாக மூன்று இடத்தில் குறித்திருக்கிறோம்.